கொத்சு புளிக்குது, மாவு புளிச்சிட்டிருக்கு

எட்டு கேள்வி. எட்டுக்கு நாலு மார்க். போன வருஷம் வாங்கினதும் நாலு, இந்த வருஷம் வாங்கினதும் நாலு. ஆனா அந்த ரெண்டு நாலுக்கும் நடுவுல ஒரு பொண்ணு இங்கிலீஷ் பேசுறதையே பாதி நிறுத்திட்டா. மேட்டர் அதுதான்.

முன்கதைச் சுருக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடியில வாரத்துக்கு மூணு நாள் சாயந்திரம் ஏழெட்டு பசங்க இங்கிலீஷ் படிக்க வர்றாங்க. ஃபீஸ் எல்லாம் கிடையாது, நானும் வாத்தியார் கிடையாது. ஆபீஸ் முடிஞ்சு வந்து வெட்டியா உக்காந்திருக்குறதுக்கு இது தேவலாம்னு ஆரம்பிச்சது. வர்றவங்க பெரும்பாலும் டிகிரி முடிச்சிட்டு இன்டர்வியூவுக்கு அலையுறவங்க.

அதுல ஒரு பொண்ணு (பேரு வேணாம்) ஒரு கம்பெனி இன்டர்வியூவுல, "ஐ ஆம் ஹேவிங் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்"னு சொல்லியிருக்கா. எதிர்ல இருந்த ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் பாத்து சிரிச்சிருக்காங்க. வேலை கிடைக்கல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கோ இல்லையோ, அவ மனசுல சம்பந்தம் விழுந்துடுச்சு. யாரோ ஒரு லிஸ்ட் குடுத்திருக்காங்க: திங்க், ஹேவ், சீ, டேஸ்ட், நோ, லைக், வான்ட்... இதுக்கெல்லாம் 'இங்' போடவே கூடாது. அவ்வளவுதான், அன்னிலேர்ந்து அவ எதுக்கும் 'இங்' போடுறதில்லை. போன் வந்தா, "ஐ ஹேவ் லஞ்ச் நவ்"ங்கறா. கேக்குறவன், "சரி, லஞ்ச் வச்சிருக்க, அதுக்கு இப்ப என்ன?"ன்னு தான் நினைப்பான் :-)

நான் குடுத்த எட்டு கேள்வி இதுதான். எல்லா கிராமர் புத்தகத்துலயும் இப்படி ஒரு பயிற்சி ஜோடி ஜோடியா இருக்கும்.

ஒண்ணு, 'த சூப் ___ சால்ட்டி'. ரெண்டு, 'த குக் ___ த சூப் நவ்'. ரெண்டுலயும் டேஸ்ட். மூணு, 'ஐ ___ யூ ஆர் ரைட்'. நாலு, 'ஐ ___ ஆஃப் செல்லிங் மை பைக்'. ரெண்டுலயும் திங்க். அஞ்சு, 'ஷி ___ டூ பிரதர்ஸ்'. ஆறு, 'தே ___ லஞ்ச் நவ்'. ரெண்டுலயும் ஹேவ். ஏழு, 'ஐ ___ எ ஷிப் ஓவர் தேர்'. எட்டு, 'ஐ ___ த டாக்டர் டுமாரோ'. ரெண்டுலயும் சீ.

ஒத்தைப்படை எல்லாம் 'இங்' இல்லாதது: டேஸ்ட்ஸ், திங்க், ஹேஸ், சீ. ரெட்டைப்படை எல்லாம் 'இங்' உள்ளது. போன வருஷம் அவ எட்டுக்கும் 'இங்' போட்டிருந்தா, நாலு சரி. இந்த வருஷம் எட்டுக்கும் 'இங்' இல்லாம எழுதியிருக்கா, அதுவும் நாலு சரி. மார்க்கை மட்டும் பாத்தா பொண்ணு அப்படியே இருக்கான்னு தோணும். உண்மையில அவ ஒரு கரையிலேர்ந்து இன்னொரு கரைக்கு நீந்திப் போயிருக்கா, நடுவுல இருக்குற ஆத்தைப் பாக்கவே இல்ல.

லிஸ்ட்டோட கோளாறு இதுதான். அது வினைச்சொல்லைப் பத்திப் பேசுது. விஷயம் வினைச்சொல்லுல இல்ல, அர்த்தத்துல இருக்கு. ஒரே சொல்லு ஒரு இடத்துல நிலைமையைச் சொல்லும், இன்னொரு இடத்துல செயலைச் சொல்லும். நிலைமைக்கு 'இங்' கிடையாது, செயலுக்கு உண்டு. இதை இங்கிலீஷ்ல விளக்கிப் பாத்தேன், தலையை ஆட்டினாங்க. புரியாதப்போ ஆட்டுற ஆட்டம் வேற, நமக்குத் தெரியாதா என்ன.

விளக்கம் கிடைச்சது சிதம்பரத்துல, அத்தை வீட்டு அடுப்படியில.

அத்தை கை கொத்சு பத்தி தனிப் பதிவே போடலாம். பிஞ்சுக் கத்திரிக்காயை நல்லெண்ணெயில வதக்கி, புளி கரைச்சு ஊத்தி, தனியாவும் மிளகாயும் வறுத்துப் பொடிச்சுப் போட்டு, இட்லிக்குத் தொட்டுக்கிட்டா... சரி சரி, மேட்டருக்கு வர்றேன். அன்னிக்கு ஒரு வாய் வச்சதும் மாமா, "கொத்சு புளிக்குது"ன்னார். அத்தை விடுவாங்களா? "நாக்கைக் கழுவிட்டு வாங்க"ன்னுட்டு அடுத்த நிமிஷமே எங்கிட்ட திரும்பி, "தம்பி, ராத்திரிக்குத் தோசை கிடையாதுடா, மாவு இப்பத்தான் புளிச்சிட்டிருக்கு"ன்னாங்க.

அப்பத்தான் உறைச்சது. ஒரே சொல்லு: புளி. கொத்சு புளிக்குதுன்னா அதோட ருசி அப்படி, அது ஒரு நிலைமை. மாவு புளிச்சிட்டிருக்குன்னா உள்ள ஒரு வேலை நடக்குது, பொங்குது, காலையில முடிஞ்சிடும். இப்ப ரெண்டையும் மாத்திப் போட்டுப் பாருங்க. "கொத்சு புளிச்சிட்டிருக்கு"ன்னு மாமா சொல்லியிருந்தா என்ன அர்த்தம்? கொத்சு கெட்டுப் போயிட்டிருக்குன்னு அர்த்தம். கரண்டி பறந்திருக்கும்.

அடுத்த வகுப்புல இதைச் சொன்னேன். விளக்கம் எதுவும் சொல்லாம, "கொத்சு புளிச்சிட்டிருக்கு, சரியா?"ன்னு மட்டும் கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. எந்த விதியும் தெரியாமலேயே ஏழு பேருக்கும் எங்க தப்புன்னு தெரிஞ்சது. 'த சூப் இஸ் டேஸ்ட்டிங் சால்ட்டி' இங்கிலீஷ்காரன் காதுல விழுறப்போ கிட்டத்தட்ட இதே கதைதான். சூப்பு எதையும் செய்யல, சும்மா கெடக்குது. சமையல்காரர் கரண்டியில எடுத்து நாக்குல வச்சு உப்புப் பாக்குறார். அவர்தான் செய்யுறார், அதனால அவருக்கு 'இஸ் டேஸ்ட்டிங்'.

இதுலேர்ந்து ஒரு குறுக்குவழி கிடைக்குது. இங்கிலீஷ்ல ஒரே சொல்லா இருக்குற பல இடத்துல நம்ம பேச்சுல ரெண்டு தனிச் சொல்லு இருக்கு. நிலைமையைச் சொல்ற வாக்கியத்துல 'நான்' பெரும்பாலும் வராது, 'எனக்கு' வரும். வரிசையாப் பாருங்க.

'ஐ திங்க் யூ ஆர் ரைட்': எனக்கு நீ சொல்றது சரின்னு தோணுது. 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் செல்லிங் மை பைக்': நான் வண்டியை வித்துடலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன். 'ஷி ஹேஸ் டூ பிரதர்ஸ்': அவளுக்கு ரெண்டு அண்ணன் இருக்காங்க. 'தே ஆர் ஹேவிங் லஞ்ச்': அவங்க சாப்பிட்டுட்டிருக்காங்க. 'ஐ சீ எ ஷிப்': தேவனாம்பட்டினம் பீச்சுல நின்னா எனக்குத் தூரத்துல ஒரு கப்பல் தெரியுது. 'ஐ ஆம் சீயிங் த டாக்டர் டுமாரோ': நான் நாளைக்கு டாக்டரைப் பாக்குறேன்.

எனக்கு, அவளுக்கு வந்த இடத்துல எல்லாம் 'இங்' இல்ல. நான், அவங்கன்னு ஆளு முன்னாடி வந்து நின்ன இடத்துல எல்லாம் 'இங்' இருக்கு. லைக், வான்ட், நோ மூணும் கூட இதுல அடங்கிடும்: எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்குத் தெரியும். தெரியும்ங்கறதை யாராவது 'தெரிஞ்சிட்டிருக்கு'ன்னு சொல்லுவோமா?

இதைக் கேட்டதும் ஒரு பையன், "அண்ணா, அப்ப தமிழ்ல யோசிச்சா போதும், இங்கிலீஷ் தானா வந்துடும்"னான். அங்கதான் நிறுத்த வேண்டியிருந்தது. ஏன்னா நம்மள குழப்பிவிட்டதும் இதே தமிழ்தான்.

"எங்கிட்ட பைக் இருக்கு"ன்னா பிரச்சினை இல்ல. ஆனா பேச்சுல அதிகம் வர்றது, "நான் பைக் வச்சிருக்கேன்". வால்ல 'இருக்கேன்' ஒட்டிக்கிட்டிருக்கு. 'சாப்பிட்டுட்டிருக்கேன்' வால்லயும் அதே 'இருக்கேன்'. காதுக்கு ரெண்டும் ஒரே அச்சு. ஆனா முதல்ல இருக்குறது வெறும் 'இரு': வச்ச வேலை முடிஞ்சுது, அதோட பலன் நிக்குது. ரெண்டாவதுல இருக்குறது 'கொண்டிரு': வேலை இன்னும் ஓடுது. எழுத்துத் தமிழ்ல 'வைத்திருக்கிறேன்', 'சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்'னு எழுதினா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். பேச்சுல 'கொண்டு' தேஞ்சு வெறும் 'ட்டு' ஆயிடுச்சு. அதனால 'வச்சிருக்கேன்' மண்டைக்குள்ள போய், 'ஐ ஆம் ஹேவிங்'கா வெளிய வருது. அந்தப் பொண்ணு இன்டர்வியூவுல சொன்னது இதுதான். அறிவுக் குறைவு எல்லாம் இல்ல, ஒரு 'கொண்டு' தேஞ்சுபோன கதை. (இந்த இரு, கொண்டிரு விவகாரத்தை ஆழமாப் படிக்கணும்னா, தாமஸ் லேமன் எழுதி 1989-ல பக்கத்துப் பாண்டிச்சேரியில வெளிவந்த நவீனத் தமிழ் இலக்கணப் புத்தகம் இருக்கு. இங்கிலீஷ்ல எழுதினது.)

ரெண்டாவது குழி இன்னும் ஆழம். "நீ ஊருக்குப் போயிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேன்"னு சொல்றோம். 'நான்' இருக்கு, 'கொண்டிரு'வும் இருக்கு. என் குறுக்குவழிப்படி 'ஐ வாஸ் திங்கிங்'னு வரணும். ஆனா இங்கிலீஷ்ல 'ஐ தாட் யூ ஹேட் லெஃப்ட்'. 'நம்புறேன்' கதையும் இதேதான். "உன்னைத்தான் நம்பிட்டிருக்கேன்" தமிழ்ல நல்லாவே போகும், 'ஐ ஆம் பிலீவிங்' போகாது.

இதுக்கு மருந்து அண்ணாமலைநகர் நண்பர் ஒருத்தர் குடுத்தார். 1929-ல ஆரம்பிச்ச அந்தப் பல்கலைக்கழகத்துல, தெ.பொ.மீ. தலைமை தாங்கின மொழியியல் துறை இருக்கே, அங்க எம்.ஏ. படிச்சவர். கிழக்கு கோபுரத்துக்கிட்ட டீ குடிச்சுக்கிட்டே விஷயத்தைச் சொன்னதும், "யோவ், இது வெண்ட்லர்யா"ன்னார். ஸெனோ வெண்ட்லர்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 1957-ல வினைச்சொல்லையும் காலத்தையும் பத்தி எழுதின கட்டுரை, இந்த மாதிரி ஆராய்ச்சிக்கெல்லாம் பிள்ளையார் சுழியாம். அதுல அவர் 'திங்க்'கை ரெண்டாப் பிரிக்குறார்: ஒரு விஷயம் இப்படித்தான்னு நினைக்குறது ஒண்ணு, ஒரு விஷயத்தைப் பத்தி யோசிக்குறது இன்னொண்ணு. முதலாவதை நல்லாத் தூங்குற ஆளைப் பத்தியும் சொல்லலாம். ரெண்டாவதைச் சொல்ல முடியாது.

இதை அப்படியே தூக்கிட்டு வந்து பசங்களுக்குத் 'தூக்கப் பரீட்சை'ன்னு பேரு வச்சுக் குடுத்துட்டேன். அந்த ஆளு குறட்டை விட்டுத் தூங்கும்போதும் வாக்கியம் உண்மையா இருக்குமா? இருந்தா 'இங்' வேணாம். தூங்குறப்பவும் அவளுக்கு ரெண்டு அண்ணன் உண்டு. தூங்குறப்பவும் எனக்கு ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் உண்டு. தூங்குறப்பவும் நீ ஊருக்குப் போயிட்டேன்னுதான் என் நினைப்பு. ஆனா தூங்கிக்கிட்டே லஞ்ச் சாப்பிட முடியாது, வண்டியை விக்குறதைப் பத்தி யோசிக்கவும் முடியாது.

தூக்கப் பரீட்சைக்கும் ஒரு ஓட்டை உண்டு: கப்பல். தூங்கினா கப்பல் தெரியாது, ஆனாலும் 'ஐ சீ'தான். அங்க 'எனக்கு' பரீட்சை கை குடுக்கும். அதனால ரெண்டையும் போட்டுப் பாக்கணும். ரெண்டுல ஏதாவது ஒண்ணு 'நிலைமை'ன்னு சொல்லிட்டாலும் 'இங்' வேணாம். இப்படிப் போட்டா மேல இருக்குற எட்டும் சரியா வருது. 'பிலீவ்' தூக்கப் பரீட்சையில மாட்டுது, 'சீ' எனக்குப் பரீட்சையில மாட்டுது. ரெண்டுலயும் மாட்டாம நழுவுற ஆசாமி 'ஐ ஆம் சீயிங் டிவி' தான். நான் டிவி பாத்துட்டிருக்கேன், செயல்தான், 'இங்' சரிதான். தப்பு சொல்லுல இருக்கு. நம்மகிட்ட 'பார்'னு ஒண்ணே ஒண்ணு, இங்கிலீஷ்ல அது சீ, லுக், வாட்ச்னு மூணாப் பிரியுது. டிவிக்கு வாட்ச்சிங். இதுக்குச் சிவப்பு மையில 'இங்'கை அடிச்சு 'ஐ சீ டிவி நவ்'னு திருத்துனா, திருத்தினதும் தப்பாப் போயிடும்.

பயிற்சித் தாள் மேலயும் எனக்கு ஒரு புகார் உண்டு. கோடிட்ட இடத்துக்கு ஒரே ஒரு பதில்னு அது அடம் பிடிக்குது. 'ஐ ஃபீல் சிக்', 'ஐ ஆம் ஃபீலிங் சிக்' ரெண்டும் சரி. 'யூ லுக் நைஸ் டுடே', 'யூ ஆர் லுக்கிங் நைஸ் டுடே' ரெண்டும் சரி. 'வாட் ___ யூ ___'னு போட்டுப் பக்கத்துல திங்க்னு எழுதியிருந்தா, உன் கருத்து என்னன்னு கேக்குறானா, என்ன யோசனையில இருக்கேன்னு கேக்குறானா, யாருக்குத் தெரியும்? முன்னாடி ஒரு வரி, பின்னாடி ஒரு வரி குடுத்தாத்தான் பதில் சொல்ல முடியும். காய்ச்சல் இன்னொரு உதாரணம். நமக்கு காய்ச்சல் 'அடிக்குது', அதனால 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர்'னு வருது. அவங்களுக்கு அது ஒரு நிலைமை, 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. ஆனா மாரடைப்பு நிகழ்ச்சி, அதனால 'ஹி இஸ் ஹேவிங் எ ஹார்ட் அட்டாக்'. அதே ஹேவ், அதே ஆஸ்பத்திரி.

2003-ல மெக்டொனால்ட்ஸ் உலகம் பூரா 'ஐ ஆம் லவிங் இட்'னு விளம்பரம் போட்டப்புறம், லவ்வுக்கு 'இங்' கூடாதுன்னு சொல்ற வாத்தியார்களுக்கு நிலைமை கஷ்டமாயிடுச்சு. இருந்தாலும் அங்கயும் ஒரு கணக்கு இருக்கு. இப்ப, இந்தக் கடி கடிக்குறப்போ அனுபவிக்குறேன்னு சொல்ல அந்த 'இங்'. 'ஐ ஆம் லவிங் மை மதர்'னு அவங்க போடல பாருங்க.

நம்ம ஊரு 'இங்'கைக் கிண்டல் பண்றது புதுசும் இல்ல. நிசிம் எசக்கியல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.'னு ஒரு கவிதையையே இதை வச்சு எழுதினார். நான் பசங்ககிட்ட சொல்றது இதுதான்: 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' சொன்னா இந்தியா பூரா புரியும், ஒருத்தனும் வழி தவற மாட்டான். ஆனா வேலை குடுக்குற நாற்காலியில உக்காந்திருக்குறவன் அதை வச்சு உன்னை அளக்குறான். அதனால எந்த இடத்துல எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோ.

போன வாரம் அந்தப் பொண்ணுக்கு அதே எட்டைக் குடுக்கல, வேற எட்டு குடுத்தேன். ஸ்மெல், வெய், ஃபீல் எல்லாம் கலந்து. ஏழு சரி. 'த பாக்ஸ் வெய்ஸ் டென் கிலோஸ்', 'ஹி இஸ் வெய்யிங் த பாக்ஸ்' ரெண்டும் தட்டாம போட்டா. பொட்டி பத்து கிலோ இருக்கு, அவர் எடை போட்டுட்டிருக்கார்னு வாய்க்குள்ள முணுமுணுத்தது எனக்குக் கேட்டுச்சு. தப்பாப் போன ஒண்ணு ஃபீல். அதுக்கு ரெண்டும் சரிதான்னு சொல்லி மார்க் குடுத்துட்டேன். "அப்ப எட்டுக்கு எட்டாண்ணா?"ன்னா. எட்டுக்கு எட்டுதான்.

அவளுக்கு அடுத்த மாசம் சென்னையில இன்னொரு இன்டர்வியூ. "என்னண்ணா சொல்லணும்?"ன்னு கேட்டா. "ஐ ஹேவ் த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்"னு சொல்லு, ஒரு வருஷம் கூடியிருக்குல்ல, அதையும் சேத்துக்கோன்னேன். அதோட, இப்ப என்ன பண்றேன்னு கேட்டா பயப்படாம 'இங்' போட்டே சொல்லுன்னேன்.

டிஸ்கி: கொத்சு செய்முறை கேட்டுப் பின்னூட்டம் போடுறவங்களுக்கு, அத்தை அளவு சொல்ல மாட்டேங்குறாங்க. எல்லாம் கண்ணளவுதானாம். ருசி பாத்து பாத்துப் போடணுமாம். டேஸ்ட்டிங், மக்களே, டேஸ்ட்டிங் :-))